"நார்மல்"னு போட்ட ரிப்போர்ட்டும் முதல் வருஷ பிஜி பார்த்த வெள்ளையும்

வாசகர் கடிதம்

"டாக்டர், நான் ஒரு அரசு மெடிக்கல் காலேஜ்ல எம்.டி. ரேடியாலஜி முதல் வருஷம். ஒரு நைட் டூட்டில 1 மணிக்கு சிசேரியன் ஆகி ஆறாவது நாள் ஒருத்தங்க வந்தாங்க, ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. ஸ்லிப்ல 'ஸ்பைனல் போட்டதால வந்த தலைவலியா?'ன்னு இருந்துச்சு. ப்ளெயின் சிடி பிரெயின். கூட இருந்த மூணாம் வருஷ அக்கா நார்மல்னு ப்ரொவிஷனல் போட்டுட்டாங்க. எனக்கு வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் வெள்ளையா பட்டுச்சு. 'அக்கா, இது ஓகே தானே?'ன்னு கேட்டேன். 'பீம் ஹார்டனிங், அடுத்த கேஸ பாரு'ன்னாங்க. நான் பேசல. காலைல 6 மணிக்கு அவங்களுக்கு ஃபிட்ஸ் வந்து, எக்லாம்ப்சியான்னு மேக்னீசியம் ஆரம்பிச்சிருக்காங்க. அது தெரிஞ்சதும் அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் சார்கிட்ட படத்த காட்டினேன். வீனோகிராம்ல சைனஸ் முழுக்க க்ளாட். ஹெப்பாரின் போட்டு இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அந்த அஞ்சு மணி நேரம் என்னை தூங்க விடல. அதுக்கப்புறம் தலைவலின்னு வந்த ஒரு பையனுக்கும் சைனஸ் டென்ஸ்னு தைரியமா சொன்னேன், எம்ஆர்வி நார்மல், டிபார்ட்மென்ட்டே சிரிச்சுது. அக்கா என்கிட்ட பேசறதில்ல, ஆனா பழைய ப்ரொவிஷனல அழிச்சிட்டு புதுசா ஒண்ணு போட்டுடுன்னு மட்டும் சொல்றாங்க. முதல் தடவ எனக்கு அதிர்ஷ்டமா? இனிமே வாய மூடிட்டு இருக்கறதா? அக்காவ தாண்டி வார்டுக்கு போன் பண்ணியிருக்கணுமா? தப்பா சொன்னா கேஸ் வருமா?"

பதில்

அன்புள்ள டாக்டருக்கு,

நீங்க கடைசியா போற போக்குல எழுதின விஷயத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்ததெல்லாம் பொறுமையா பேசலாம், இதுக்கு நேரமில்ல. அந்த பழைய ப்ரொவிஷனல் ரிப்போர்ட்ட தொடாதீங்க. அழிக்காதீங்க, மேல எழுதாதீங்க, நேரத்த மாத்தாதீங்க, அக்கா கெஞ்சினாலும் சரி திட்டினாலும் சரி. அது உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து சொல்றேன்.

ரிப்போர்ட்ட திருத்தறதுக்கு நேர்மையான வழி இருக்கு

அதுக்கு பேரு அடெண்டம். பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கும், அதுக்கு கீழ தேதி, நேரம் போட்டு, "மறுபடி பார்த்ததில் வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ், சிக்மாய்ட் சைனஸ் அடர்த்தி கூடி தெரிகிறது, வீனோகிராமில் த்ராம்போசிஸ் உறுதியானது, இன்னாரிடம் இத்தனை மணிக்கு போனில் தெரிவிக்கப்பட்டது"ன்னு எழுதி கன்சல்டன்ட் கையெழுத்து போடணும். அவ்வளவுதான், இதுல யாருக்கும் அசிங்கம் கிடையாது, உலகத்துல எல்லா ரேடியாலஜி டிபார்ட்மென்ட்லயும் வாராவாரம் நடக்கறது தான். ராத்திரி ப்ரொவிஷனல் போட்டு காலைல கன்சல்டன்ட் ஃபைனல் பண்றதுன்னு ஒரு ஏற்பாடே எதுக்கு இருக்கு, ராத்திரி பார்வை தவறலாம்னு எல்லாருக்கும் தெரியறதால தானே.

அழிச்சா என்ன ஆகும்னா, படமும் ரிப்போர்ட்டும் சேமிக்கற பாக்ஸ் (PACS) சிஸ்டத்துல எந்த ரிப்போர்ட் எத்தன மணிக்கு யாரு லாகின்ல மாறுச்சுன்னு பொதுவா பதிவாகும், வார்டு கேஸ் ஷீட்ல "சிடி நார்மல்"னு ஓஜி பிஜி ராத்திரியே எழுதி வெச்சிருப்பாங்க, உங்க புது ரிப்போர்ட்டும் அதுவும் மோதும். மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிமுறைப்படி பேஷன்ட் ரெக்கார்ட கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும், அப்ப ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்ப்பாங்க. ஒரு நுட்பமான க்ளாட்ட ராத்திரி ஒரு மணிக்கு தவற விட்டது மனுஷத்தவறுன்னு எந்த எக்ஸ்பர்ட்டும் வந்து சொல்லுவாங்க, ரெக்கார்ட மாத்தினத எவராலயும் அப்படி சொல்லி காப்பாத்த முடியாது. இத அக்காகிட்ட இதே வார்த்தைல சொல்லுங்க. பயத்துல கேட்டிருப்பாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல. ஒத்துக்கலன்னா சார்கிட்ட "அடெண்டம் எப்படி போடணும் சார்"னு மட்டும் கேளுங்க, அக்கா பேர சொல்லி புகாரா கொண்டு போக வேண்டியதில்ல, சார் பார்த்துக்குவார்.

முதல் தடவ அதிர்ஷ்டமான்னு கேட்டீங்களே

இல்ல. ஆனா அது அதிர்ஷ்டம் இல்லன்னு உங்களுக்கே தெரியாம போனதுக்கு காரணம், உங்க கண்ணு பிடிச்சத நீங்க அளந்து பார்க்கல. "வெள்ளையா பட்டுச்சு"ங்கறதோட நின்னுட்டீங்க. பட்டதுங்கறத அக்கா ஒரே வார்த்தைல தள்ளிடலாம், அளந்தத அப்படி தள்ள முடியாது. அந்த ராத்திரி அதே கம்ப்யூட்டர்ல, காண்ட்ராஸ்ட் இல்லாம, பேஷன்ட திரும்ப கூப்பிடாம, அஞ்சு நிமிஷத்துல என்னென்ன பார்த்திருக்கலாம்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

மொதல்ல விண்டோ. வழக்கமான பிரெயின் விண்டோல, அதாவது அகலம் 80 நடு 40ல, 80க்கு மேல இருக்கறது எல்லாமே ஒரே வெள்ளை, அதுல மண்டையோட்ட ஒட்டி ஓடற டிரான்ஸ்வர்ஸ் சைனஸ்ல இருக்கற க்ளாட் எலும்போட கரைஞ்சு போயிடும். அகலத்த 200 பக்கம் கொண்டு போனா எலும்பு தனியா, க்ளாட் தனியா பிரிஞ்சு நிக்கும். அப்புறம் தின் ஸ்லைஸ எடுத்து கொரோனல்ல பாருங்க, ஆக்ஸியல்ல டென்டோரியத்தோட கலந்து தெரியறது கொரோனல்ல குறுக்கு வெட்டா, ஒரு சின்ன முக்கோணமா தனியா தெரியும்.

அடுத்தது அக்கா சொன்ன பீம் ஹார்டனிங். அவங்க சொன்னது அபத்தமில்ல, பின் மண்டைல அது நெறைய வரும். ஆனா அதுக்கு ஒரு குணம் இருக்கு, ஒரு எலும்புல இருந்து இன்னொரு எலும்புக்கு நேர்கோடா ஓடும், கருப்பும் வெள்ளையுமா பட்டை பட்டையா, உள்ள இருக்கற உறுப்போட வளைவ அது மதிக்காது. க்ளாட் அப்படி இல்ல, அது சைனஸோட வளைவுலயே போகும், டிரான்ஸ்வர்ஸ்ல இருந்து திரும்பி சிக்மாய்ட்ல இறங்கி ஜுகுலர் பல்ப் பக்கம் வரைக்கும் கூட போகலாம். ஸ்லைஸ் ஸ்லைஸா கீழ இறக்கிட்டே வந்தா கூடவே வரணும். ஒரே ஒரு ஸ்லைஸ்ல மட்டும் வெள்ளை, மேலயும் கீழயும் இல்லன்னா நானும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மூணாவது தான் முக்கியம், நீங்க விட்டதும் இதான். சைனஸுக்குள்ள ஒரு ஆர்ஓஐ போட்டு அளந்திருக்கணும், எலும்ப தொடாம. ஓடற ரத்தம் சாதாரணமா 50ல இருந்து 60 ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட் வரும், 70 தாண்டினா க்ளாட்ட நினைக்கணும்னு புத்தகத்துல படிச்சிருப்பீங்க. ஆனா அந்த 70 எல்லாருக்கும் ஒரே 70 இல்ல. சிடில ரத்தம் வெள்ளையா தெரியறதுக்கு காரணம் அதுல இருக்கற ஹீமோகுளோபின் தான், அதனால ரத்தம் கெட்டியா இருக்கறவங்களுக்கு எல்லா ரத்தக்குழாயும் வெள்ளையா இருக்கும், ரத்தசோகை இருக்கறவங்களுக்கு எல்லாமே மங்கலா இருக்கும்.

இப்ப ஒரு கணக்கு போட்டு பாருங்க, நம்பர்கள் நான் புரியறதுக்காக எடுத்துக்கிட்டது, உங்க கேஸோட நிஜ நம்பர நீங்க எடுத்து பொருத்திக்கோங்க. குழந்தை பெத்து ஆறு நாள் ஆன, ஆபரேஷன்ல ரத்தம் போன ஒருத்தங்களுக்கு ஹீமடோக்ரிட் 27னு வெச்சுக்குவோம். சாதாரணமா சைனஸோட யூனிட்ட ஹீமடோக்ரிட்டால வகுத்தா 1.3 பக்கம் வரும், அப்ப இவங்க சைனஸ் 35, 36ல மங்கலா தான் இருந்திருக்கணும். அங்க 71 வந்தா வகுத்தா 2.6. ரத்தசோகைக்காரிக்கு சைனஸ் மட்டும் இப்படி வெள்ளையா இருக்க நியாயமே இல்ல. க்ளாட் சுருங்கும்போது சீரம் பிழிஞ்சு வெளிய போயி சிவப்பணு நெருங்கி நிக்கறதால தான் அந்த வெள்ளை. க்ளாட் உறுதியானவங்கள்ல இந்த விகிதம் 1.9 பக்கம் சராசரியா வந்ததா ஆய்வு இருக்கு, வேற ஆய்வுல கோடு இன்னும் கீழ கூட போட்டிருக்காங்க, அதனால இத ஒரு கறாரான கோடா எடுக்காதீங்க, ஆனா 2.6ங்கறது எந்த கோட்ட போட்டாலும் அந்தப்பக்கம் தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது எல்லா கேஸ்லயும் கை கொடுக்காது. ப்ளெயின் சிடி நார்மலாவே இருக்கற வீனஸ் த்ராம்போசிஸ் தான் அதிகம், நாள் ஆக ஆக, ரெண்டாவது வாரத்துல க்ளாட்டோட வெள்ளை மங்கி மூளையோட கலந்துடும். அதனால சிடி நார்மல்ங்கறத வெச்சு யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, தலைவலி பொருந்தினா வீனோகிராம் எடுத்தே ஆகணும். உங்களுக்கு வெள்ளை தெரிஞ்சது, அது ஒரு கூடுதல் உதவி.

ரெண்டாவது கேஸ்ல எல்லாரும் சிரிச்சது

அந்த பையனோட ஹீமோகுளோபின் என்னன்னு நீங்க எழுதல, ஆனா எனக்கு ஒரு யூகம் இருக்கு, போய் பார்த்துட்டு வாங்க. வெயில்ல வேலை பாக்கற, நல்லா டீஹைட்ரேட் ஆன இளவட்டத்துக்கு ஹீமோகுளோபின் 18, ஹீமடோக்ரிட் 54 வரைக்கும் கூட போகும். அவனுக்கு சைனஸ் 73னு காட்டும், பார்க்க உங்க முதல் பேஷன்ட விட வெள்ளை. வகுத்தா 1.35, சுத்தமா நார்மல். ஒருத்தருக்கு 71 க்ளாட், இன்னொருத்தருக்கு 73 வெறும் கெட்டி ரத்தம்.

ரத்த ரிப்போர்ட் கைல இல்லன்னாலும் படத்துலயே ஒரு துப்பு உண்டு. மத்த குழாய்கள பாருங்க. ரெண்டு பக்க சைனஸும், சுப்பீரியர் சஜிட்டலும், பேசிலார் ஆர்ட்டரியும், ரெண்டு பக்க மிடில் செரிப்ரலும் எல்லாம் ஒரே மாதிரி பளிச்சுனு இருந்தா அது ரத்தத்தோட தன்மை, அடைப்பு இல்ல. ஒரு சைனஸ் மட்டும் பளிச்சுன்னு, ஆர்ட்டரிங்க எல்லாம் மங்கலா இருந்தா அங்க தான் நிக்கணும். ஒரு பக்கம் சின்னதா இருக்கேன்னு ஏமாறவும் வேண்டாம், நெறைய பேருக்கு இடது டிரான்ஸ்வர்ஸ் பிறவியிலயே குட்டியா இருக்கும், எம்ஆர்வில அது காணாம போன மாதிரி கூட தெரியும், அப்ப எலும்பு விண்டோல ஜுகுலர் ஃபோராமென பாருங்க, அதுவும் அந்தப்பக்கம் குட்டியா இருந்தா பெரும்பாலும் பிறவிக்குட்டி தான்.

அதனால ரெண்டாவது தடவ உங்க தப்பு சொன்னது இல்ல, இத பார்க்காம சொன்னது. ரெண்டும் வேற வேற. வாய மூடினா மொதல் கேஸும் சேர்ந்து தான் போகும். சிரிச்சவங்க விஷயத்துல ஒண்ணு சொல்லணும், ஒரு சந்தேகத்த உறுதி பண்ண காண்ட்ராஸ்ட் இல்லாத ஒரு எம்ஆர்வி எடுத்தது அந்த பையனுக்கு பெருசா எந்த கேடும் இல்ல, தலைவலியோட வந்தவனுக்கு அது நார்மல்னு தெரிஞ்சதும் ஒரு பதில் தான். டிபார்ட்மென்ட்டே சிரிச்சது எனக்கு பிடிக்கல, நிஜமாவே கோவம் வருது, முதல் வருஷ பிஜிய அப்படி சிரிச்சா அடுத்த தடவ அவங்க பார்த்தத யாரும் கேக்கவே மாட்டாங்க.

எப்படி சொல்றது, யாருகிட்ட சொல்றது

"இது ஓகே தானே அக்கா?"ன்னு கேட்டா "ஓகே"ன்னு தான் பதில் வரும். கேள்விலயே பதில வெச்சு குடுத்துட்டீங்க. தூக்கம் இல்லாத, அடுத்து மூணு ட்ராமா கேஸ் காத்திருக்கற ஒரு மூணாம் வருஷ பிஜிக்கு அது ஒரு ஜூனியரோட பயம் மாதிரி தான் கேட்டிருக்கும், ஒரு கண்டுபிடிப்பு மாதிரி கேக்கல. அளந்துட்டு போனா வேற மாதிரி இருக்கும்: "அக்கா, வலது சைனஸ் 71, இடது 40, ஹீமடோக்ரிட் 27 தான். சிக்மாய்ட் வரைக்கும் வளைஞ்சு போகுது, நேர்கோடா இல்ல. டெலிவரி ஆகி ஆறு நாள், வாந்தி இருக்கு. வீனோகிராம் கேக்கலாமா, இல்ல சாருக்கு போன் பண்ணட்டுமா?" இதுக்கு "அடுத்த கேஸ பாரு"ன்னு சொல்றது கஷ்டம். பார்த்தது என்ன, அது ஏன் பொருந்தல, எத பண்ணினா தெரிஞ்சிடும், அது மட்டும் இருந்தா போதும். "எனக்கு என்னமோ தோணுது"ன்னு சேர்க்காதீங்க.

அப்பவும் இல்லன்னு சொன்னா ஒரு தடவ கூட, அதே நம்பர வெச்சு, "அக்கா எனக்கு இது மனசு ஒப்பல, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுடறேன்"னு அவங்க முன்னாடியே சொல்லிட்டு ஆன்-கால் அசிஸ்டன்ட் ப்ரொஃபசருக்கு போன் பண்ணுங்க. முதுகுக்கு பின்னாடி பண்ணாதீங்க. ராத்திரி எழுப்பினா திட்டுவாரோன்னு பயம் எல்லாருக்கும் இருக்கு, ஆனா ஆன்-கால்னு அவர் பேர் போட்டிருக்கறதே எழுப்பறதுக்கு தான், உங்க காலேஜ் சார் காலைல படத்த பார்த்ததும் தாமதிக்காம வீனோகிராம் எடுத்திருக்கார்னா ராத்திரியும் அதத்தான் பண்ணியிருப்பார்.

வார்டுக்கு போன் பண்ணியிருக்கணுமான்னு கேட்டீங்க. ஆமா, ஆனா நீங்க நினைக்கற மாதிரி ரிப்போர்ட் சொல்லறதுக்கு இல்ல, ஒரு கேள்வி கேக்கறதுக்கு. ரேடியாலஜி பிஜி வார்டுக்கு போன் பண்ணி ஹிஸ்டரி கேக்கறது யாரையும் தாண்டறது கிடையாது, அது நம்ம வேலைல பாதி. அந்த ஸ்லிப்ல போட்டிருந்த ஸ்பைனல் தலைவலிக்கு ஒரு அடையாளம் உண்டு, எந்திரிச்சு உக்காந்தா பிளக்கும், படுத்தா விட்டுடும். சைனஸ் அடைச்ச தலைவலி அநேகமா தலைகீழ், படுத்தா கூடும், விடியக்காலைல மோசமா இருக்கும், இருமினா தெறிக்கும், கண்ணு மங்கும். "படுத்தா குறையுதா கூடுதான்னு அவங்கள கேட்டு சொல்லுங்க"ன்னு ஓஜி பிஜிகிட்ட ஒரு கேள்வி போதும். "படுக்கவே முடியலங்கறாங்க"ன்னு பதில் வந்தா உங்க வெள்ளைக்கு எடை ரெண்டு மடங்கு. ரெண்டும் ஒரே ஆளுக்கு சேர்ந்தும் வரும், அதனால ஸ்பைனல் தலைவலின்னு ஒரு பேர் ஒட்டின உடனே யாரும் நிறுத்தக்கூடாது. அந்த ஸ்லிப்ல இருந்த ஒரு வரி தான் உங்க அக்காவோட கண்ண மூடியிருக்கும்னு நான் நினைக்கறேன்.

நம்ம ஊர்ல இந்த கேஸ் அடிக்கடி வரும்னு கண்டிப்பா மனசுல வெச்சுக்கணும். குழந்தை பெத்த முதல் சில வாரத்துல ரத்தம் உறையற தன்மை கூடி இருக்கும், கூடவே ரத்தசோகை, இன்ஃபெக்ஷன், அதுமேல பச்ச உடம்புக்கு தண்ணி ஆகாது, சளி பிடிக்கும்னு சொல்லி தாகத்துக்கு கூட கணக்கா குடிக்க விடற வீடுங்க இன்னும் இருக்கு. பிள்ளை பெத்தவளுக்கு விடாத தலைவலின்னு ஸ்லிப் வந்தா நார்மல்னு டைப் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு சைனஸையும் ஒரு தடவ கீழ வரைக்கும் இறக்கி பார்க்கறத பழக்கமாக்குங்க.

அந்த அஞ்சு மணி நேரம்

இதுல உங்களுக்கு ஆறுதலுக்காக பொய் சொல்ல மாட்டேன், உங்கள வதைக்கவும் மாட்டேன். ஒரு மணிக்கே நீங்க சத்தமா சொல்லி வீனோகிராம் எடுத்து மூணு மணிக்கு ஹெப்பாரின் ஆரம்பிச்சிருந்தா ஆறு மணி ஃபிட்ஸ் வந்திருக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஹெப்பாரின் இருக்கற க்ளாட்ட மூணு மணி நேரத்துல கரைக்காது, அது மேல வளராம பிடிச்சு வெச்சு உடம்பே கரைக்க வழி விடும். ஆனா ஒண்ணு மாறியிருக்கும்: ஃபிட்ஸ் வந்தப்போ வார்டுல காரணம் தெரிஞ்சிருக்கும், மேக்னீசியத்தோட நின்னிருக்க மாட்டாங்க. நல்லவேளையா அந்த காலைல நீங்க பேசினீங்க. பேசலன்னா எக்லாம்ப்சியாங்கற பேர்ல இன்னும் எத்தன நாள் போயிருக்குமோ. 2004ல வெளிவந்த, 624 பேஷன்ட்ஸ பல நாடுகள்ல பின்தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வுல அறிகுறி ஆரம்பிச்சு நோயக் கண்டுபிடிக்க ஆன நாள் நடுக்கணக்குல 7. உங்க பேஷன்ட்டுக்கு தலைவலி ஆரம்பிச்ச மூணாம் நாளே தெரிஞ்சிடுச்சு.

சிகிச்சை பத்தி தெரியாம பயப்படாதீங்க, ஏன்னா "க்ளாட்னு சொல்லி ஹெப்பாரின் போட்டு மூளைல ரத்தம் கசிஞ்சிட்டா?"ன்னு ஒரு பயம் தான் நெறைய ஜூனியர்ஸ வாய திறக்க விடறதில்ல. 1991ல ஜெர்மனில 20 பேர வெச்சு நடந்த ட்ரையல் சின்னது, ஆனா ஹெப்பாரின் கொடுத்த 10 பேர்ல ஒருத்தரும் சாகல, கொடுக்காத 10 பேர்ல 3 பேர் செத்தாங்க, அதனால பாதியிலயே நிறுத்திட்டாங்க. வீனஸ் ரத்தக்கசிவு ஏற்கனவே இருந்தா கூட இந்த நோய்ல ஹெப்பாரின் கொடுக்கறாங்க, ஏன்னா கசிவுக்கு காரணமே அடைப்பு தான். முடிவு எடுக்கறது நியூரோ டாக்டரும் ஓஜி டாக்டரும், நீங்க சொல்றது சந்தேகம் மட்டும்.

கேஸ் வருமா?

சிகிச்சை பாக்கற டாக்டருக்கு நேரத்தோட ஒரு சந்தேகத்த சொன்னதுக்காக மட்டும் ஒரு ட்ரெய்னிய குற்றவாளின்னு பார்க்கறது நடக்கற காரியமில்ல. கேஸோட அக்கறையே எல்லாம் வேற இடத்துல இருக்கும். 2005ல ஜேக்கப் மாத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, சாதாரண டாக்டர் ஒருத்தர் நியாயமா பண்ணக்கூடிய முடிவுல வர்ற தவறு மட்டுமே நெக்லிஜென்ஸ் ஆகாதுன்னு. அதே நியாயம் உங்க அக்காவுக்கும் பொருந்தும். ஆனா சொல்லாம இருந்தது, சொன்னத எழுதாம விட்டது, எழுதினத அழிச்சது, இதெல்லாம் தான் பின்னாடி சங்கடம் ஆகும். அதனால போன் பண்ணினா யாருகிட்ட, எத்தன மணிக்கு, என்ன சொன்னேன்னு ரிப்போர்ட்லயே ஒரு வரி எழுதற பழக்கத்த இன்னைக்கே ஆரம்பிங்க. தனியா டைரில அக்கா என்ன சொன்னாங்கன்னு எழுதி வைக்காதீங்க, அது பேஷன்ட்டுக்கு உதவாது, உங்க ரெண்டு பேருக்கும் கசப்பு தான் கூடும்.

அக்காவோட பேசறது

புகார் கொடுக்கணுமான்னு நேரடியா கேக்கல, ஆனா கடிதத்துல அது இருக்கு. இந்த ஒரு விஷயத்துக்கு வேண்டாம்னு தான் சொல்லுவேன். 1949ல சான் ஃபிரான்சிஸ்கோ ரேடியாலஜிஸ்ட் ஹென்றி கார்லண்ட் அனுபவசாலிங்களே நெஞ்சு எக்ஸ்ரேல இருக்கற நோய்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதத்த விட்டுடறாங்கன்னு காட்டினார், அவரு சொன்னப்போ எல்லாரும் கோவப்பட்டாங்க, அப்புறம் மத்தவங்க பார்த்ததும் அதே பக்கம் தான் வந்துச்சு. விடறது அவங்க கெட்ட டாக்டர்ங்கறதால இல்ல. ஆனா ரெக்கார்ட அழிக்க சொல்லி வற்புறுத்தினா, இல்ல வேணும்னே உங்கள டூட்டில ஒதுக்கி தொந்தரவு பண்ணினா அது வேற கதை, அப்ப சார், ஹெச்ஓடி ரெண்டு பேருக்கும் சொல்லணும், தயங்காதீங்க.

அடுத்த டூட்டிக்கு முன்னாடி அவங்கள தனியா பார்த்து அந்த சிடியவே திறந்து வெச்சு, "அக்கா, இத ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாமா, எனக்கு பீம் ஹார்டனிங்கும் இதுவும் பிரிக்கறது பிடிபட கொஞ்சம் உதவுங்க"ன்னு கேளுங்க. நிஜமாவே கேக்கணும், ஏன்னா அந்தப்பகுதில அவங்க உங்கள விட நூறு கேஸ் கூட பார்த்திருப்பாங்க. மன்னிப்பு கேக்காதீங்க, அவங்கள மன்னிப்பு கேக்க வைக்கவும் பார்க்காதீங்க.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு, அது ஓஜி டாக்டருங்க வேலை தான், ஆனா நீங்க ஒரு தடவ கேட்டா தப்பில்ல. அந்த அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரில எத்தன மாசம் மருந்து, எந்த மாதிரி மாத்திரை (தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்கு வார்ஃபாரின் ஒத்துக்கும், புது வகை மாத்திரைகள் இப்போதைக்கு கொடுக்கறதில்ல), மறுபடி எப்ப ஸ்கேன்னு இருக்கான்னு பாருங்க. அதுகூட முக்கியமா ரெண்டு வரி இருக்கணும்: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இனிமே கூடாது, அடுத்த கர்ப்பத்துல ஆரம்பத்துலயே போய் இந்த சரித்திரத்த சொல்லணும், அப்ப ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். இந்த ரெண்டு வரி பல சம்மரில விட்டுப் போகும், அத அவங்க வீட்டுக்காரர்கிட்டயும் வாய் விட்டு சொல்ல சொல்லுங்க, ஏன்னா மூணு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற ஆஸ்பத்திரில அடுத்த பிரசவம் பார்க்கறப்போ அந்த பேப்பர் கைல இருக்காது.